ஸ்பானிஷ்: -ரா, -செ இரண்டும் ஒன்றுதானே? ஏன் அடித்தார்கள்?

கயல்_மாட்ரிட்: அவசரம், நாளை திருத்திக் கொடுக்க வேண்டும். வினைச்சொல்லின் முடிவில் -ரா போடாமல் -செ போட்டேன், ஆசிரியர் சிவப்பில் அடித்துவிட்டார். புத்தகத்தில் -ரா, -செ இரண்டும் சமம் என்றுதான் இருக்கிறது.

முத்து78: முழு வாக்கியத்தைப் போடுங்கள். எந்த வினை என்றே தெரியவில்லையே.

பொகோட்டா_ராஜி: -செ பழசுங்க, யாரும் பேசுவதில்லை. எல்லா இடத்திலும் -ரா போட்டுவிடுங்கள், பிரச்சினையே வராது.

முத்து78: கொலம்பியாவில் பேச்சுக்கு அது சரி. ஸ்பெயினில் -ரா அதிகம் என்றாலும் -செ-யும் காதில் விழும், எழுத்தில் இன்னும் கூடுதலாக வரும்.

இலக்கணப்பித்தன்: இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வேண்டும்.

லிஸ்பன்_செல்வி: எனக்கும் இதே குழப்பம்! போர்ச்சுகீசில் 'ஃபலாசெ' என்றால் 'பேசினால்'. 'ஃபலாரா' என்றால் 'ஏற்கெனவே பேசியிருந்தான்'. இரண்டும் வேறு வேறு ஆயிற்றே?

கயல்_மாட்ரிட்: மன்னிக்கவும், வாக்கியம் இதோ. ஒரு கடிதம். தொடக்கம்: 'கிசியெசெ பெதீர் உன் ஃபவோர்' (ஓர் உதவி கேட்க விரும்புகிறேன்). இதை அடித்தார். முடிவு: 'அக்ரதெசெரியா கே மே ரெஸ்போந்தியெசெ' (பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்). இதைத் தொடவே இல்லை!

முத்து78: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. இரண்டாவதில் 'கே'-க்குப் பின்னால் வினை இன்னொரு வினையைச் சார்ந்து நிற்கிறது. அங்கே -ரா, -செ எது போட்டாலும் சரி, கடிதத்துக்கு -செ பொருத்தமாகவே இருக்கும். முதலாவது தனியாக நிற்கும் முதன்மை வினை, பணிவாகக் கேட்பது. அங்கே 'கெர்ரியா' போட்டுப் பாருங்கள், வாக்கியம் அப்படியே நிற்கும். அப்படி மாற்ற முடிகிற இடத்தில் 'கிசியெரா' மட்டும்தான். தெபெர், போதெர் வினைகளுக்கும் இதே கதை.

செல்வி சொன்னதில்தான் காரணம் இருக்கிறது. லத்தீனில் 'அமாவெரம்' என்றால் 'நேசித்திருந்தேன்', நடந்ததைச் சொல்லும் வடிவம். -ரா அதிலிருந்து வந்தது. -செ 'அமாவிஸ்ஸெம்' என்பதிலிருந்து, அது பிறப்பிலேயே சார்பு வடிவம். அதனால்தான் -செ போகாத சில இடங்களுக்கு -ரா போகிறது.

பொகோட்டா_ராஜி: ஆமாம், இங்கே செய்தித்தாளில் '1990-இல் புப்லிகாரா' என்றால் 'வெளியிட்டிருந்த' என்று அர்த்தம்!

இலக்கணப்பித்தன்: அது செய்தியாளர்களின் பகட்டு. 'அபியா புப்லிகாதோ' என்று நேராக எழுதலாம்.

முத்து78: பகட்டு என்று தள்ள முடியாது, பழைய பொருள் அதுதான். சார்பு வாக்கியத்தில் மட்டும் வரும். கட்டுரையில் படித்தால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எழுத வேண்டாம்.

இலக்கணப்பித்தன்: முதன்மை வினைக்கு -ரா மட்டும் என்றீர்கள். 'சி லோ உபியெசெ சபிதோ, உபியெசெ வெனிதோ' (தெரிந்திருந்தால் வந்திருப்பேன்) என்று ஸ்பெயினில் சொல்கிறார்களே? இரண்டாவது 'உபியெசெ' முதன்மை வினைதான். அது தவறா?

முத்து78: தவறில்லை. நான் சொன்ன விதி பணிவுக் கோரிக்கைக்கு. 'உபியெசெ' தனி வழக்கு.

இலக்கணப்பித்தன்: நான் மாணவர்களுக்கு அந்த இரண்டாவது இடத்தில் 'அப்ரியா' மட்டுமே அனுமதிப்பேன்.

கயல்_மாட்ரிட்: 'கிசியெரா' என்று மாற்றி அனுப்பிவிட்டேன். இரண்டாவதை அப்படியே விட்டேன். நன்றி முத்து அண்ணா.

லிஸ்பன்_செல்வி: அப்போ 'உபியெசெ'க்கு மட்டும் ஏன் அந்த இடம் கிடைத்தது?