வீடியோ இன்டர்வியூல முகம் இருட்டா தெரியுது, குரல் வெட்டி வெட்டி போகுது. வியாழக்கிழமை திரும்ப இருக்கு, ப்ளீஸ் உதவி பண்ணுங்க

கொருக்குப்பேட்டை_பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடிச்சுட்டு அக்கவுன்ட்ஸ் வேலைக்கு ட்ரை பண்றேன். போன வாரம் ஒரு கம்பெனில ஜூம்ல இன்டர்வியூ, மூணு பேர் கேள்வி கேட்டாங்க. ஆரம்பத்துலயே ஒரு மேடம் "உங்க முகமே தெரியல, பின்னாடி வெளிச்சம் மட்டும்தான் தெரியுது"ன்னாங்க, நான் லேப்டாப்ப அப்படி இப்படி திருப்பி பாத்தேன், சரி வரல. அப்புறம் ஜிஎஸ்டி பத்தி ஒரு கேள்விக்கு பதில் சொல்லிட்டு இருக்கும்போதே வீடியோ இழுத்து இழுத்து போய் ஒரே இடத்துல நின்னுடுச்சு, நான் பேசிட்டே இருக்கேன், அந்த பக்கம் ஒண்ணுமே கேக்கலயாம். கட் பண்ணி திரும்ப லிங்க்க அமுக்கினா வெயிட்டிங் ரூம்லயே நிக்குது, ஆறு ஏழு நிமிஷம் யாரும் உள்ள விடல, எனக்கு கையெல்லாம் நடுங்கிடுச்சு. சாயங்காலம் மெயில் போட்டு கெஞ்சி கேட்டதுல வியாழன் 11 மணிக்கு இன்னொரு சான்ஸ் குடுத்துருக்காங்க.

எங்களது லைன் வீடு, கீழ் போர்ஷன். வைஃபை மாடில ஹவுஸ் ஓனர் வீட்டுது, மாசம் கொஞ்சம் காசு குடுத்து ஷேர் பண்ணிக்கறோம். ஸ்பீட் டெஸ்ட் போட்டா 30 எம்பிபிஎஸ் காட்டுது, அப்புறம் ஏன் இப்படி ஆகுது? அதோட நான் கீழயே பாத்துட்டு இருந்தேன்னு வேற சொன்னாங்க, நான் அவங்க முகத்தத்தான் பாத்துட்டு இருந்தேன்.

பெரம்பூர்_ப்ரோ
30 எல்லாம் பத்தாதும்மா, ஓனர்கிட்ட சொல்லி 100 பிளானுக்கு மாத்த சொல்லு, எல்லாம் சரியாயிடும். அப்புறம் ஒரு ரிங் லைட் வாங்கிடு.

எம்கேபி_நகர்_அண்ணா
தங்கச்சி, பிளான் மாத்த அவசரப்படாத. ஜூம்ல நல்ல ஹெச்டி வீடியோவுக்கே நாலு எம்பிபிஎஸ் இருந்தா போதும். உனக்கு 30 காட்டுறது டவுன்லோடு, நீ பேசுறது அவங்களுக்கு போறது அப்லோடு, அத தனியா பாரு. ஆனா ஸ்பீட விட முக்கியம், லைன் நடுவுல விட்டு விட்டு போகுதாங்கறது, அது ஸ்பீட் டெஸ்ட்ல சரியா தெரியாது. நான் பத்து வருஷமா நெட்வொர்க் வேலைதான் பாக்கறேன், முதல்ல கோளாறு எங்கன்னு கண்டுபுடிக்கலாம்.

இன்டர்வியூக்கு உக்காந்த அதே இடத்துல உக்காந்து கமாண்ட் ப்ராம்ப்ட்ட திற. `ipconfig` அடிச்சா வைஃபைக்கு கீழ Default Gateway-ன்னு ஒரு நம்பர் வரும், அதுதான் மாடில இருக்க ரவுட்டரோட அட்ரஸ். அது 192.168.1.1-ன்னு வெச்சுக்கோ, இந்த ரெண்டையும் ஒண்ணு முடிஞ்சப்புறம் ஒண்ணா ஓட்டு:

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

முதல் வரி உன் லேப்டாப்புல இருந்து ரவுட்டர் வரைக்கும், ரெண்டாவது வெளிய இன்டர்நெட் வரைக்கும். முதல்லயே டைம் எகிறுது, நடுவுல Request timed out வருதுன்னா கோளாறு வீட்டுக்குள்ள வைஃபைல இருக்கு, எத்தன பெரிய பிளான் போட்டாலும் மாறாது. முதல் வரி சுத்தமா இருந்து ரெண்டாவது மட்டும் சொதப்பினா அப்போ லைன்காரன கேக்கணும்.

இன்னொரு சின்ன டெஸ்ட்டும் பண்ணு, இது நிறைய பேருக்கு தெரியாது. வைஃபைய ஆஃப் பண்ணிட்டு லேப்டாப்புல வெறும் கேமரா ஆப்ப மட்டும் திறந்து கைய ஆட்டி பாரு. நெட்டே இல்லாம கை இழுத்து இழுத்து தெரிஞ்சா அது நெட் கோளாறே இல்ல, வெளிச்சம் பத்தல. இருட்டா இருந்தா கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கும், செகண்டுக்கு 30 படம் எடுக்கறது பாதியா கூட குறைஞ்சுடும், பாக்கறவங்களுக்கு நெட் ஸ்லோ மாதிரியே இருக்கும்.

தண்டையார்பேட்டை_வேலு
ஜிஎஸ்டி கேள்விக்கு இன்புட் டாக்ஸ் கிரெடிட் நல்லா படிச்சுட்டு போங்க, அதுலதான் கேப்பாங்க. என்கிட்ட நோட்ஸ் இருக்கு.

கொருக்குப்பேட்டை_பொண்ணு
வேலு அண்ணா நன்றி, பதில் எனக்கு தெரியும், அவங்களுக்கு கேக்கலங்கறதுதான் பிரச்சனை.

எம்கேபி நகர் அண்ணா, நீங்க சொன்னத பண்ணிட்டேன். ரவுட்டருக்கு 50ல 6 தடவ timed out, மத்ததுல 4ல இருந்து 310 வரைக்கும் ஏறி இறங்குது. 8.8.8.8-லயும் அதே கதி. அப்புறம் லேப்டாப்ப தூக்கிட்டு ஓனர் வீட்டுக்கே போய் ரவுட்டர் பக்கத்துல உக்காந்து போட்டேன், ஒண்ணு கூட timed out ஆகல, எல்லாம் 2, 3 தான். கேமரா டெஸ்ட்லயும் கை இழுத்துது அண்ணா! நானும் இத்தன நாள் நெட்டுதான்னு நெனச்சுட்டு இருந்தேன்.

எம்கேபி_நகர்_அண்ணா
அப்போ ரெண்டு கோளாறு ஒண்ணா சேந்துருக்கு. நடுவுல ஒரு கான்க்ரீட் தளம், அதோட லைன் வீட்டுல அக்கம்பக்கம் பத்து பதினஞ்சு வைஃபை எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல மோதிட்டு இருக்கும். 5ல மாத்தலாம்னா அது செவுத்த தாண்டி வர்றது இன்னும் கஷ்டம். ஓனர் ஒத்துக்கிட்டா மாடில இருந்து ஒரு லான் கேபிள் எறக்கறதுதான் நிரந்தர வழி, உன் லேப்டாப்புல அந்த போர்ட் இருக்கான்னு பாத்துக்கோ. வியாழனுக்குள்ள ஆகாதுன்னா போன்ல இருந்து யூஎஸ்பி டெதரிங் போடு, வைஃபை ஹாட்ஸ்பாட் வேணாம், அதுவும் அதே நெரிசல்லதான் மாட்டும். ஒயர்ல போட்டா போனும் சார்ஜ் ஆயிட்டே இருக்கும். போன ஜன்னல் ஓரமா வெச்சு ரெண்டு மூணு இடத்துல அப்லோடு பாத்து, நல்லா வர்ற இடத்துலயே விட்டுடு. லேப்டாப்புல வைஃபைய மறக்காம ஆஃப் பண்ணு, இல்லன்னா எது வழியா போகுதுன்னே உனக்கு தெரியாது.

ராயபுரம்_அக்கா
கண்ணு, எனக்கு நடந்தத சொல்றேன். நானும் டெதரிங்லதான் உக்காந்தேன், ரெண்டு சிம் போன். நடுவுல ரெண்டாவது சிம்முல எங்க நாத்தனார் கூப்ட, பழக்கத்துல எடுத்துட்டேன், அந்த செகண்டே டேட்டா நின்னுபோச்சு. நெறைய போன்ல ஒரு சிம்முல பேசுனா இன்னொரு சிம்மோட டேட்டா நிக்கும். அதனால டேட்டா ஓடாத சிம்ம அன்னிக்கு செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணி வை. ஆனா ஹெச்ஆர்கிட்ட எந்த நம்பர் குடுத்துருக்கன்னு பாத்துட்டு செய், அந்த நம்பர ஆஃப் பண்ணிட்டா அவங்க கூப்புட்றப்ப கிடைக்காது.

முகம் இருட்டா தெரியுதுன்னியே, ஜன்னல் உன் முதுகுக்கு பின்னாடியா? கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மொத்தத்தையும் கொறச்சுடும், நீ கருப்பா ஆயிடுவ. மேசைய திருப்பி ஜன்னல பாத்த மாதிரி உக்காரு, காசே செலவில்ல. காலைல வெயில் நேரா அடிச்சா ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டிய கட்டி விடு. தலைக்கு நேர் மேல டியூப் லைட் மட்டும் போட்டா கண்ணுக்கு கீழ நிழல் விழும், அது முன்னாடி செவுத்துல இருக்கணும். கண்ணாடி போடுவியா? போட்டா லைட்ட கொஞ்சம் ஒசரமா, சைடுல வை.

பெரம்பூர்_ப்ரோ
சரி, பிளான் பத்தி நான் சொன்னது தப்புதான். ஆனா ரிங் லைட் நல்லதுதானே? 11 மணிக்கு மேகம் போட்டா ஜன்னல் வெளிச்சம் போயிடுமே.

ராயபுரம்_அக்கா
அதுவும் சரிதான் தம்பி. கண்ணாடி போடுறவங்களுக்கு அந்த வட்டம் அப்படியே கண்ணுல தெரியும், அது ஒண்ணுதான் பாக்கணும். அதோட கண்ணு, வியாழக்கிழமை உங்க ஏரியால மாசாந்திர பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தறாங்களான்னு பேப்பர்ல பாத்துடு. முன்னாடியே ஏரியா வாரியா போடுவாங்க, பொதுவா காலைலதான் நிறுத்துவாங்க, உன் 11 மணி அதுக்குள்ள வரும்.

கொருக்குப்பேட்டை_பொண்ணு
அக்கா, லிஸ்ட்ல எங்க ஏரியா இல்ல. ஆனா லேப்டாப் பேட்டரி 40 நிமிஷம்தான் தாங்குது, சார்ஜ் ஃபுல்லா போட்டு வெச்சுடறேன். கண்ணாடி போடுவேன். கண்ண பாத்து பேசுறதுக்கு மட்டும் யாராவது சொல்லுங்க.

எம்கேபி_நகர்_அண்ணா
அவங்க முகம் ஸ்க்ரீன் நடுவுல, கேமரா மேல. நீ முகத்த பாத்தா அவங்களுக்கு நீ கீழ பாக்கற மாதிரிதான் தெரியும். ஜூம் ஜன்னல சின்னதாக்கி கேமராவுக்கு நேர் கீழ, ஸ்க்ரீனோட மேல் ஓரத்துல கொண்டு போய் வை. லேப்டாப்ப புக்கு மேல ஏத்தி கேமராவ உன் கண்ணு மட்டத்துக்கு கொண்டு வா, நீயும் ஒரு கை தூரம் தள்ளி உக்காரு. அவங்க பேசறப்ப முகத்த பாரு, நீ பேசறப்ப மட்டும் கேமராவ பாரு, அரை மணி நேரமும் அதையே முறைச்சு பாக்க யாராலயும் முடியாது. உன் சொந்த முகம் தெரியற பெட்டிய மறைச்சுடு, Hide Self View-ன்னு இருக்கும், அது இருந்தா கண்ணு அங்கயேதான் போகும்.

திரும்பவும் கட் ஆனா: உடனே Leave அமுக்காத, தானா ஒட்ட ஒரு இருபது செகண்ட் குடு. ஒட்டலன்னா போன்லயே அந்த லிங்க்க திற, ஜூம் ஆப் முன்னாடியே போட்டு பேர் அடிச்சு வெச்சுக்கோ. வெயிட்டிங் ரூம்ல நின்னா காத்துட்டே இருக்காத, ஹெச்ஆருக்கு "லைன் கட் ஆயிடுச்சு, வெயிட்டிங் ரூம்ல இருக்கேன்"னு ஒரே வரி அனுப்பு, அந்த மெசேஜ இன்னிக்கே டைப் பண்ணி வை. உள்ள போனதும் நீளமா சாரி சொல்லாத, "இந்த இடம் வரைக்கும் கேட்டுச்சா சார்?"னு கேட்டுட்டு அங்கருந்து தொடரு.

தண்டையார்பேட்டை_வேலு
ஆரம்பத்துலயே "என் நெட் கொஞ்சம் வீக், கட் ஆகலாம்"னு சொல்லிடலாம்ல?

ராயபுரம்_அக்கா
நான் சொல்ல மாட்டேன், வீட்டுலருந்து வேலை பாக்க முடியுமான்னு சந்தேகப்படுவாங்க.

எம்கேபி_நகர்_அண்ணா
எனக்கு வேற கருத்து அக்கா. ஏற்கெனவே ஒரு தடவ கட் ஆனது அவங்களுக்கு தெரியும், "கட் ஆனா போன்ல வந்துடறேன், ஒரு நிமிஷத்துல"ன்னு சொன்னா தயாரா இருக்கான்னுதான் நெனப்பாங்க.

கொருக்குப்பேட்டை_பொண்ணு
முடிஞ்சுது! அண்ணா சொன்ன மாதிரி ஆரம்பத்துலயே சொல்லிட்டேன், அந்த மேடம் "குட்"னாங்க. போன ஜன்னல் கம்பிகிட்ட வெச்சதுல அப்லோடு 5 வந்துச்சு, மேசை மேல வெச்சப்ப ஒண்ணு கூட வரல. 20 நிமிஷம் நல்லா போச்சு, அப்புறம் கேபிள் கைல பட்டு கழண்டுடுச்சு. இருபது செகண்ட் ஒட்டல, போன்லயே லிங்க்க திறந்துட்டேன், மெசேஜும் போட்டுட்டேன், ஒரு நிமிஷத்துக்குள்ள உள்ள விட்டாங்க, விட்ட இடத்துலருந்து சொல்லி முடிச்சேன். முகம் க்ளியரா இருக்குன்னாங்க. கேமரா டெஸ்ட்ல கை இழுக்கவே இல்ல.

ரிசல்ட் திங்கக்கிழமை. அடுத்த ரவுண்டு இருந்தா ஸ்க்ரீன் ஷேர் பண்ணி எக்செல்ல செஞ்சு காட்டணுமாம். லேப்டாப் புக்கு மேல இருந்தா டைப் பண்ண கை எட்டல, கீழ வெச்சா கேமரா தாடைய பாக்குது. தனி கீபோர்டு வாங்காம வேற வழி இருக்கா?

எம்கேபி_நகர்_அண்ணா
கீபோர்டு, மவுஸ் யார்கிட்டயாவது ஒரு நாளைக்கு கேட்டு வாங்கிக்கோ, ஒயர் உள்ளது எதுன்னாலும் சரி. கிடைக்கலன்னா எக்செல் நேரத்துக்கு மட்டும் கீழ எறக்கி, ஸ்க்ரீன கொஞ்சம் பின்னாடி சாச்சுடு, அப்போ அவங்க ஷீட்டதான் பாப்பாங்க. அந்த கேபிள ஒரு டேப் போட்டு மேசையோட ஒட்டு, தங்கச்சி.