முதல் கேம் எது வாங்குவது? ஆர்பிஜி எனக்கு ஒத்து வரவில்லையா, நான் தவறாக ஆடுகிறேனா?

அவிநாசி ரோடு (திருப்பூர்)

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இராத்திரி சாப்பிட்டு முடித்தபின் ஒரு மணி நேரம் கிடைக்கும். போனில் லூடோ, கேரம் தவிர வேறு எதுவும் ஆடியதில்லை.

போன வாரம் பெருந்துறையில் பெரியப்பா மகன் வீட்டில் தி விட்சர் 3 என்ற ஆர்பிஜி ஆடிப் பார்த்தேன். கதை ரொம்பப் பிடித்தது. ஆனால் மேப்பில் கேள்விக்குறி தெரிந்த ஒரு இடத்துக்குப் போனால், அங்கே நிற்கும் பூதம் இரண்டே அடியில் கொன்றுவிடுகிறது. நான் எத்தனை வெட்டு வெட்டினாலும் அதன் உயிர்க்கோடு நகரவே இல்லை. விலகிக் குதிக்கப் பழகு, சரியாகிவிடும் என்றார் அண்ணன். என் கைக்கு அந்த வேகம் இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் ஆர்பிஜியை விட்டுவிட்டு ஸ்ட்ராட்டஜி, சிமுலேஷன், ஆக்‌ஷன் அட்வென்ச்சர் இவற்றில் ஒன்றை வாங்கலாமா? லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

ஆழியாறு (பொள்ளாச்சி)

ரொம்ப யோசிக்க வேண்டாம். லெவல் ஏறினால், பாயின்ட் கொடுத்துத் திறமையை வளர்த்தால் அது ஆர்பிஜி. கதை ஒரே கோட்டில் போனால் ஆக்‌ஷன் அட்வென்ச்சர். உங்களுக்குக் கதை பிடித்திருக்கிறது, லெவல் தொல்லை பிடிக்கவில்லை. 2013இல் வந்த டூம்ப் ரைடர் வாங்குங்கள்.

கீபோர்டு கடை (கோவை)

ரேமை 16 ஆக்கினால் விட்சர் ஓடுமுங்க. படம் சிக்கிச் சிக்கி ஓடினால் நீங்கள் அடிக்கும் அடி விழாது.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

அவர் ஓடவில்லை என்று சொல்லவில்லையே, அண்ணன் கம்ப்யூட்டரில் ஓடியிருக்கிறது.

அவிநாசி ரோடு, ஒன்று சொல்லுங்கள். அந்தப் பூதத்தின் உயிர்க்கோட்டுப் பக்கம் சிவப்பு மண்டையோடு இருந்ததா? அப்போது உங்கள் லெவல் என்ன?

அவிநாசி ரோடு

ஆமாங்க, சிவப்பு மண்டையோடு இருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். நான் லெவல் 2.

மஞ்சள்மண்டி

அப்படியானால் உங்கள் கைமேல் குற்றம் இல்லை. உங்களைவிட அது பல லெவல் மேலே, இப்போது இங்கே வராதே என்பதற்குத்தான் அந்தக் குறி. விட்சரில் ஒரு வெட்டு எவ்வளவு உயிரைக் குறைக்கும் என்பதில் உங்கள் லெவலுக்கும் வாளுக்கும் பெரிய பங்கு உண்டு. அண்ணன் சொன்னதும் முழுத் தப்பு இல்லை, நன்றாக ஆடுபவர் விலகி விலகி அதையும் கொல்வார். முதல் நாளில் உங்களுக்கு அது வேண்டாம். வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் எந்த லெவல் பொருத்தம் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து உங்களுக்கு எட்டியதை முடியுங்கள், நல்ல வாள் வாங்குங்கள், அப்புறம் அதே பூதத்திடம் போங்கள். சண்டையே வேண்டாம் என்றால் செட்டிங்கில் Just the Story! என்று ஒரு நிலை இருக்கிறது, கதையைப் பார்க்க அது போதும்.

வகையைப் பிரிக்க நான் பார்ப்பது இதுதான்: தோற்றுப்போனால் எதை மாற்றிக்கொண்டு திரும்பப் போகிறோம்? ஆர்பிஜியில் ஆளை மாற்றுகிறோம், அதாவது லெவல், வாள், கவசம். ஆக்‌ஷன் அட்வென்ச்சரில் ஆள் ஏறக்குறைய அதே ஆள்தான், மாற வேண்டியது நம் கை. டூம்ப் ரைடரில் பாலம் இடிந்து விழும்போது சரியான நேரத்தில் தாவாவிட்டால் சாவு, திரும்ப அதே இடத்திலிருந்து தாவ வேண்டும். எந்த லெவலும் அங்கே காப்பாற்றாது. கை வேகம் இல்லை என்பவருக்கு ஆழியாறு சொன்னது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. போதாததற்கு அதிலும் பாயின்ட், திறமை எல்லாம் உண்டே. லெவல் இருப்பதை மட்டும் வைத்து எப்படிப் பிரிப்பது?

லாரிப்பட்டறை (நாமக்கல்)

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து லாரி. நான் ஆடுவது யூரோ டிரக் சிமுலேட்டர் 2. அதிலும் லெவல் ஏறும், பாயின்ட் கொடுத்தால் தூர லோடு, உடையும் சரக்கு எல்லாம் திறக்கும். அதை யாராவது ஆர்பிஜி என்பார்களா?

சண்டையும் இல்லை, சாவும் இல்லை தம்பி. சிக்னல் தாண்டினால் அபராதம், தூங்காமல் ஓட்டினால் கண் சொக்கும், சரக்கு அடிபட்டால் காசு குறையும். ட்ரெய்லரை ரிவர்ஸில் நிறுத்துவதுதான் பாடு. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் பின்பக்கம் வலப்புறம் போகும், நிஜ வண்டியில் இருப்பது போலவே. வேண்டாம் என்றால் அதைத் தாண்டிவிடவும் வழி உண்டு. நான் தாண்ட மாட்டேன்.

மஞ்சள்மண்டி

லாரிப்பட்டறை அண்ணா சொன்னது சரி. சிமுலேஷனில் பெரும்பாலும் ஒரேயடியாகத் தோற்பதில்லை. ஏதோ ஒன்று மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டே வரும், எது என்று தேடிச் சரிசெய்வதுதான் ஆட்டம். உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், லேப்டாப்பும் சின்னது. ஸ்டார்டியூ வேலி பாருங்கள். 2016இல் எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்தது, 2 ஜிபி ரேமிலேயே ஓடும். உள்ளே ஒரு நாள் என்பது நமக்கு ஏறக்குறைய 14 நிமிடம். ஆனால் பாத்திரத்தைத் தூங்க வைத்தால்தான் சேவ் ஆகும். நடுவில் மூடினால் அன்றைய வேலை போச்சு. கரண்ட் போகும் வீட்டில் இதை நினைவில் வையுங்கள்.

ஆழியாறு

ஸ்டார்டியூவில் சுரங்கத்தில் வாள் சண்டை இருக்கிறது, திறமைக்கு லெவல் இருக்கிறது. அதைச் சிமுலேஷன் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மஞ்சள்மண்டி

சுரங்கத்துக்கே போகாமல் விவசாயம் மட்டும் பார்த்தாலும் ஆடலாமே. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

அவிநாசி ரோடு

ஸ்ட்ராட்டஜி பற்றி யாரும் சொல்லவில்லையே என்று நண்பனின் லேப்டாப்பில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் II டெஃபினிட்டிவ் எடிஷன் ஆடினேன். கம்ப்யூட்டருக்கு எதிராக ஒரு ஆட்டம். குதிரைப்படை வந்து மொத்தமாக அழித்துவிட்டது. ஈட்டிக்காரர்களைச் சீக்கிரம் செய்திருக்க வேண்டுமா? பத்தாவது நிமிடம் வரை கிராமத்தார் ரொம்பக் குறைவுதான். ‘வீடு கட்டு’ என்று அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

மஞ்சள்மண்டி

தோல்வி அந்தக் குதிரைப்படையால் வந்ததில்லை, அந்த ‘வீடு கட்டு’வில் வந்தது. தொடக்கத்தில் 3 கிராமத்தார், ஒரு குதிரைவீரன், ஆக நான்கு பேர். டவுன் சென்டர் தாங்குவது ஐந்து பேரை. ஒரே ஒரு கிராமத்தானைச் செய்ததும் இடம் தீர்ந்தது, அடுத்த வீடு வரும்வரை உற்பத்தி அப்படியே நிற்கும். ஒரு வீடு ஐந்து பேருக்கு இடம் தரும். ஒரு கிராமத்தானுக்கு ஆட்டக் கணக்கில் 25 வினாடி, 50 உணவு. அங்கங்கே நின்றதெல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம் என்றால் ஒன்பது பேர் குறைவு. அந்த ஒன்பது பேர் வெட்டியிருக்க வேண்டிய மரமும் உணவும் இல்லாததால்தான் கடைசியில் ஈட்டிக்காரர் இல்லை. ஸ்ட்ராட்டஜியில் தோல்வியின் காரணம் பத்து நிமிடம் முன்னால் கிடக்கும். அதைத் தேடிப் பிடிக்க உங்களுக்குப் பொறுமை இருந்ததா, எரிச்சல் வந்ததா?

அவிநாசி ரோடு

எரிச்சல் வரவில்லை. நீங்கள் சொன்னதும் இன்னொரு முறை ஆடத் தோன்றுகிறது. ஷிப்மென்ட் ஏன் தாமதமாயிற்று என்று பின்னால் போய்ப் பார்ப்பதுதானே என் வேலையே.

மஞ்சள்மண்டி

அப்புறம் என்ன, இதையே வாங்குங்கள். தனி கார்டு இல்லாமலும் ஓடும், கிராஃபிக்ஸைக் குறைத்து வையுங்கள். தனியாக ஆடும்போது நடுவில் சேவ் செய்யலாம். ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சியை முதலில் முடியுங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் கீழ் என்றால் பணம் திரும்பக் கேட்கலாம். அதனால் முதல் இரண்டு நாளிலேயே உங்கள் லேப்டாப்பில் நூறு பேர் படை வைத்துச் சிக்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். 2022இல் வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் இராஜேந்திர சோழன் ஆட்டம் இருக்கிறது, அதற்குத் தனிக் காசு. அது பிறகு.

அவிநாசி ரோடு

சரிங்க அக்கா. விட்சரைப் பெருந்துறை போகும்போது பார்த்துக்கொள்கிறேன். ஒரே சந்தேகம்: கிராமத்தாரை வரிசையாகச் செய்யச் சொல்லிவிட்டுச் சண்டையைக் கவனித்தால், வீடு கட்டுவதை மறந்துவிடுகிறேனே. அதற்கு வழி?

லாரிப்பட்டறை

நான்கு பேருக்கு இடம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்கு தம்பி. டீசல் காலியான பிறகு பங்க் தேடக் கூடாது.