சாப்பாட்டுப் பெட்டியில் "100% மக்கும்" என்று அச்சிடலாமா?

தேக்கா கடைக்காரர்: பொட்டலச் சாப்பாட்டுக்குக் கரும்புச் சக்கைப் பெட்டி வாங்குகிறேன். மூடியில் ஒட்டும் சிட்டையில் "100% மக்கும், பூமிக்கு நல்லது" என்று அச்சிட விரும்புகிறேன். பெட்டி விற்பவர் சான்றிதழும் தந்திருக்கிறார். இது போதுமா?

பொங்கோல் வாசகர்: தாராளமாகப் போதும். ஆய்வகம் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த பிறகு யாரும் குறை சொல்ல முடியாது.

சிட்டை எழுதுபவர்: அந்தச் சான்றிதழை ஒருமுறை படித்துப் பாருங்கள், ஐயா. இத்தகைய சோதனைகள் பெரும்பாலும், ஏறத்தாழ 58 பாகை வெப்பம் நிலவும் தொழிற்கூட உரக்குவியலில் ஆறு மாதத்துக்குள் எவ்வளவு மக்குகிறது என்பதையே பார்க்கின்றன. நம் வீட்டுக் குப்பையோ எரிப்பு ஆலைக்குச் செல்கிறது, சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. நீங்கள் சொல்லும் மக்குதல் உங்கள் வாடிக்கையாளர் கையைவிட்டுப் போன பெட்டிக்கு நடக்கவே நடக்காது. மேலும், சான்றிதழ் பெட்டிக்கு மட்டுமா, மூடிக்கும் சேர்த்தா?

ஈசூன் இல்லத்தரசி: பேரங்காடியில் பைக்கு ஐந்து காசு வாங்குகிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்புண்டா? என் தங்கை விற்கும் துணிப்பையில் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று எழுதியிருக்கிறாள்.

சிட்டை எழுதுபவர்: பைக் கட்டணம் வேறு விவகாரம், அக்கா. ஆனால் தங்கையின் வாசகத்துக்கும் இதே கேள்விதான்: எந்த வகையில், எதைவிட உகந்தது?

தேக்கா கடைக்காரர்: சான்றிதழ் பெட்டிக்கு மட்டும்தான், மூடி தெளிவான நெகிழி. சமையலறைத் தராசில் நிறுத்தேன்: பெட்டி 18 கிராம், மூடி 7 கிராம். போன ஆண்டுவரை வாங்கிய பெட்டி, மூடியோடு சேர்த்து 30 கிராம், முழுவதும் நெகிழி.

சிட்டை எழுதுபவர்: வாசகம் உங்கள் தராசிலேயே கிடைத்துவிட்டது. "பெட்டி கரும்புச் சக்கை, மூடி நெகிழி. நாங்கள் முன்பு பயன்படுத்திய பெட்டியைவிட 23 கிராம் நெகிழி குறைவு." எதைவிடக் குறைவு என்பது அதிலேயே இருப்பதால் யாரும் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்: குழம்பு கசியாமலிருக்கப் பெட்டியின் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் படலம் ஒட்டியிருந்தால் 18 கிராமும் சக்கையாகாது. விற்பவரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். பழைய பெட்டி ஒன்றையும் நிறுத்த குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

பொங்கோல் வாசகர்: மூடியைப் பற்றி நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மக்கும் தன்மை பொருளுக்குள்ளேயே இருக்கும் உண்மை. இங்கே எரிக்கிறார்கள் என்பதற்காக அது பொய்யாகிவிடுமா?

சிட்டை எழுதுபவர்: பொய்யாகாது. ஆனால் வாங்குபவர் அதைப் படித்துவிட்டு, குப்பையில் போட்டாலும் மண்ணாகிவிடும் என்று நினைப்பார். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம், அவரைத் தவறாக நம்பவைப்பதையும் நியாயமற்ற நடைமுறையாகவே கருதுகிறது.

பொங்கோல் வாசகர்: "தொழிற்கூட உரக்குவியலில் மட்டும்" என்று சேர்த்தால்?

சிட்டை எழுதுபவர்: அப்படியானால் அந்தக் குவியல் சிங்கப்பூரில் எங்கே என்று அவர் கேட்பார். நான் அச்சிடமாட்டேன்.

பொங்கோல் வாசகர்: நான் அச்சிடுவேன்.

தேக்கா கடைக்காரர்: உட்புறப் படலம் பற்றி விற்பவருக்கு இன்று காலையே எழுதிவிட்டேன். பதில் வரும்வரை சிட்டை அச்சகத்துக்குப் போகாது.