டிஸ்சார்ஜ் சம்மரிக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

படிவம் எழுதுறவர்:
எல்லாருக்கும் வணக்கம். பேஷண்ட் வீட்டுக்குப் போகும்போது குடுக்குற டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழ்ல ஒரு படிவமா பண்ணிட்டிருக்கேன். தலைப்பு "விடுவிப்புச் சுருக்கம்"னு வச்சிருக்கேன், "வெளியேற்றம்" ஆளைத் துரத்துற மாதிரி இருக்குன்னு விட்டுட்டேன். மருந்துப் பகுதில "தொடர வேண்டியவை", "நிறுத்தப்பட்டவை"னு ரெண்டு கட்டம். சரியா இருக்கான்னு சொல்லுங்க.

வார்டு டாக்டர்:
விடுவிப்பு ஓகே, சுருக்கம்தான் உறுத்துது. சுருக்கம்னு சொன்னா ஜூனியர்ஸ் முதல் நாள் நோட்ஸ்ல ரெண்டு வரி, ரெண்டாம் நாள்ல ரெண்டு வரின்னு வரிசையா வெட்டி ஒட்டிடுறாங்க. கேஸ் ஷீட் நாள்வாரியா இருக்கும், அடுத்துப் பாக்கப்போற டாக்டருக்கு வேண்டியது பிரச்சனைவாரியா. அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் 1968லயே இதுக்காகத்தான் வாதாடினார்.

ஒரு கேஸ் எடுத்துக்கலாம், கத்துக்குடுக்குறதுக்காக நான் உருவாக்கி வச்சிருக்கறது. 68 வயசு அம்மா, நிமோனியா, 6 நாள் அட்மிஷன். பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுறாங்க, முட்டி வலிக்கு இபுப்ரோஃபென் தானா வாங்கிப் போட்டுக்கறாங்க. காய்ச்சல்ல சரியா தண்ணி குடிக்கல, இந்த ரெண்டு மருந்தும் சேர்ந்து கிட்னியைப் பாதிச்சிருச்சு, எப்பவும் 0.9 இருக்கற கிரியேட்டினின் 2.1க்குப் போச்சு. ரெண்டாம் நாள் நோட்ஸ்ல ஒரே வரில "எனலாப்ரில், இபுப்ரோஃபென் ஸ்டாப்". அதுக்கப்புறம் ரெண்டைப் பத்தியும் எங்கயும் பேச்சே இல்ல. போகும்போது கிரியேட்டினின் 1.3, பிரஷர் நார்மல்.

உங்க படிவத்துல ரெண்டும் ஒரே கட்டத்துல விழுந்துரும். ஆனா இபுப்ரோஃபென் இனிமே வேண்டாம், எனலாப்ரில் கொஞ்ச நாளைக்குத்தான் வேண்டாம்.

சாஃப்ட்வேர் பையன்:
சார், கடைசி நாள் நோட்ஸை மட்டும் எடுத்து டெம்ப்ளேட்ல போட்டா போதாதா, லேட்டஸ்ட் எல்லாம் அதுலதான இருக்கும்?

வார்டு டாக்டர்:
1.3ங்கற நம்பர் அதுல கிடைக்கும் தம்பி, அது வேணும்தான். ஆனா எனலாப்ரிலை எதுக்கு நிறுத்தினோம்ங்கறது ரெண்டாம் நாள்ல கிடக்கு. கடைசி நாள் மருந்துச் சார்ட்ல அந்தப் பேரே இருக்காது. அதனால நான் முதல்ல அட்மிஷன் அன்னைக்கு வீட்டுல என்னென்ன சாப்பிட்டாங்கன்னு எழுதின பட்டியலை எடுப்பேன், பக்கத்துல கடைசி நாள் சார்ட்டை வச்சு ஒவ்வொண்ணா டிக் பண்ணுவேன், எது காணாம போயிருக்கோ அதுக்குக் காரணம் தேடி நடுவுல இருக்கற நோட்ஸுக்குப் போவேன். காரணம் கிடைக்கலன்னா நாமளா ஊகிச்சு எழுதக்கூடாது, நிறுத்தினவங்களையே கேக்கணும்.

வாசகி:
எங்க அப்பாவுக்கு இதேதான் ஆச்சு. ஹார்ட் பேஷண்ட், வயித்துப்போக்குன்னு சேர்த்தப்போ தண்ணி மாத்திரையை நிறுத்தினாங்க, சம்மரில "நிறுத்தப்பட்டது"ன்னு மட்டும் போட்டிருந்தது, நாங்களும் இனி வேண்டாம்போலன்னு இருந்துட்டோம். கால் வீங்கி மூச்சு வாங்கி மறுபடி அட்மிட் பண்ண வேண்டியதாச்சு. அப்படியே மருந்துப் பேருக்கெல்லாம் தமிழ்ப் பேரு வச்சா நல்லா இருக்குமே?

தமிழாசிரியர்:
அம்மா, மருந்துப் பேரு அட்டைல இருக்கறபடியே இருக்கட்டும், கடைல கேக்கணும்ல. தலைப்புக்கு "விடுவிப்பு ஒப்படைப்புக் குறிப்பு"ன்னு வைக்கலாமா? பொறுப்பு கைமாறுதுங்கறது அதுல தெரியும். கட்டத்துக்கு "நிறுத்தியவை", "நிறுத்தி வைத்தவை"ன்னு பிரிக்கலாம்.

நர்ஸ்:
ஒப்படைப்புன்னா எங்களுக்கு ஷிஃப்ட் மாறும்போது குடுக்கறது ஐயா, குழம்பும். "நிறுத்தி வைத்தவை"யும் பேஷண்ட் கண்ணுக்கு "நிறுத்தியவை" மாதிரியேதான் தெரியும், அவசரத்துல படிக்கறப்ப வித்தியாசமே தெரியாது. "இனி வேண்டாம்", "இப்போதைக்கு வேண்டாம்" இப்படித்தான் நான் வாயால சொல்றேன், யாரும் திருப்பிக் கேட்டதில்ல.

தமிழாசிரியர்:
"இப்போதைக்கு வேண்டாம்" கலைச்சொல் மாதிரி இல்லையேன்னு முதல்ல தோணுச்சு, ஆனா பேஷண்ட் படிக்கற பகுதிக்கு அதுதான் சரி, ஒத்துக்கறேன். தலைப்புல மட்டும் ஒப்படைப்பை விட மனசில்ல.

வார்டு டாக்டர்:
நர்ஸ் சொன்னதே இருக்கட்டும், ஆனா "இப்போதைக்கு"ன்னா எது வரைக்கும்னு அதே வரில இல்லன்னா பிரயோஜனமில்ல. அந்த அம்மாவுக்கு நான் இப்படி எழுதுவேன்: "எனலாப்ரில்: இப்போதைக்கு வேண்டாம். கிட்னி பாதிப்பு இருந்ததால் நிறுத்தியுள்ளோம். ஒரு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் டெஸ்ட் எடுத்து, பிரஷரும் பார்த்த பிறகு மறுபடி தொடங்கலாமா என்று டாக்டர் சொல்வார். நீங்களாகத் தொடங்க வேண்டாம்." இபுப்ரோஃபெனுக்கு: "இனி வேண்டாம். வலிக்கு பாராசிட்டமால்." "ஒரு வாரம் கழித்து வரவும்"னு மட்டும் போட்டா எதுக்கு வரணும்னு பேஷண்டுக்கும் தெரியாது, பாக்கற டாக்டருக்கும் தெரியாது.

இன்னொரு கட்டமும் வேணும். மூணாம் நாள் சளியை டிபி கல்ச்சருக்கு அனுப்பியிருந்தாங்கன்னு வைங்க, நெகட்டிவ்னு சொல்லவே ஆறு வாரம் ஆகும். பேஷண்ட் போயிருவாங்க, ரிசல்ட் லேப்ல வந்து கிடக்கும்.

படிவம் எழுதுறவர்:
அதுக்கு "வரவேண்டிய முடிவுகள்"னு போட்டுக்கறேன், மருந்துக்கு நர்ஸ் சொன்ன ரெண்டு கட்டம், ஒவ்வொண்ணுலயும் காரணமும் எப்ப மறுபடி பாக்கணும்ங்கறதும். தலைப்பு இப்போதைக்கு "விடுவிப்புக் குறிப்பு"ன்னு மட்டும் இருக்கட்டும். ஒண்ணு மட்டும் புரியல, அந்தக் கல்ச்சர் ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்தா பேஷண்டைக் கூப்பிட வேண்டியது யாரு, அனுப்பின வார்டா, அடுத்துப் பாக்கற டாக்டரா? அந்தக் கட்டத்துல யார் பேரு எழுதச் சொல்றது?

நர்ஸ்:
எங்க வார்டுல அதுக்கு இன்னும் சண்டைதான் நடக்குது.