ரிடென்ஷன் கோட்டில் எந்த இடத்தில் ஆட்கள் போகிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது? அவசரம்

பூம்பாறை செல்வா
வணக்கம். மலைப்பூண்டு பற்றிய என் புது யூடியூப் வீடியோவில், எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கோட்டின் நடுவில் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் எல்லாரும் ஓடிப்போகிறார்கள். ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தப் பகுதியை வெட்டி எறியலாமா? ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறேன். இன்று இரவே வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

எடிட்டர் ஜோ
ஸ்கிரீன்ஷாட்டில் எண் எதுவுமே படிக்க முடியவில்லை. வீடியோ எவ்வளவு நீளம்? எத்தனை வியூஸ்? போட்டு எத்தனை நாள்? பள்ளம் எந்த நிமிடத்தில்? இதெல்லாம் இல்லாமல் கேள்வி கேட்பதை எப்போதுதான் நிறுத்துவீர்களோ. மூன்று வருடமாக இங்கே இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாண்டிக்குடி காப்பி
நீளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை தம்பி. சராசரி பார்வை நேரம் எவ்வளவு காட்டுகிறது என்று பார். அதுதான் ஆட்கள் கிளம்பும் இடம். அங்கே என்ன ஓடுகிறதோ அதை மாற்று.

பூம்பாறை செல்வா
மன்னிக்கவும், மொபைலில் இருந்து அவசரமாகப் போட்டேன். 15 நிமிட வீடியோ. 6 நாள் ஆகிறது, 1,900 வியூஸ். சராசரி 5:36. தலைப்பு 'போலி மலைப்பூண்டைக் கண்டுபிடிப்பது எப்படி'.
0:30-ல் 58 சதவீதம். 4:00-க்கு 45. 4:10-ல் சட்டென்று 31-க்கு இறங்குகிறது. அந்தப் பள்ளத்தைத்தான் சொன்னேன். 5:20-ல் 42. அப்புறம் மெதுவாகக் குறைந்து 11:40-ல் 35, 12:10-ல் 19. கடைசியில் 12.

கோடை ஷீலா
செல்வா, தயவுசெய்து இன்று எதையும் வெட்டாதீர்கள். உங்கள் எண்களே பதில் சொல்கின்றன.

4:10-ல் 31 ஆனது 5:20-ல் 42-க்கு ஏறிவிட்டதே. வீடியோவை விட்டுப் போனவர் 5:20-க்குத் திரும்பி வரமாட்டார். அவர்கள் போகவில்லை, விரலால் தள்ளித் தாண்டியிருக்கிறார்கள். பள்ளம் விழுந்து மறுபடி ஏறினால் தாண்டல். விழுந்த கோடு கீழேயே கிடந்தால்தான் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். 45-க்கும் 42-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3. அந்த 3 மட்டும்தான் அங்கே உண்மையில் போனவர்கள், அதுவும் 80 நொடியில்.

உங்கள் வீடியோவில் கீழே விழுந்து எழாத இடங்கள் இரண்டு. ஒன்று முதல் 30 நொடி, 42 சதவீதம். இன்னொன்று 11:40-க்கும் 12:10-க்கும் இடையே, 16 சதவீதம். 1,900-ல் அது ஏறக்குறைய 300 பேர். இந்த இரண்டு இடத்திலும் திரையில் என்ன ஓடுகிறது, நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று எழுதுங்கள். கோடு விழும் இடத்துக்குப் பத்து நொடி முன்னாலிருந்து பாருங்கள். முடிவு எடுப்பது முன்னாலேயே நடந்துவிடுகிறது.

காப்பி அண்ணே, சராசரியை அப்படி எடுக்கக் கூடாது. 20 நொடியில் போனவரையும் கடைசி வரை பார்த்தவரையும் சேர்த்து வகுத்த எண் அது. இவர் கோட்டில் 5:36-ல் ஒன்றுமே நடக்கவில்லை, 42-ல் சமமாகப் போகிறது பாருங்கள்.

தாண்டிக்குடி காப்பி
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் 30 நொடியில் 42 சதவீதம் போகிறார்கள் என்றால் தம்ப்நெயில்தான் காரணம். அதை மாற்றினால் சரியாகிவிடும்.

குன்னூர் ரயில் ரசிகர்
என் வீடியோவிலும் இதே பிரச்சினை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயில். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டும் இடத்தில் கோடு மேலே ஏறி, உடனே சறுக்கி இறங்குகிறது. எஞ்சின் மாறியதும் ஆட்கள் போய்விடுகிறார்கள் போல. ஆரம்பத்தில் 118 சதவீதம் என்று வேறு காட்டுகிறது, அது பிழையா?

கோடை ஷீலா
பிழை இல்லை சார். ஒருவர் ஆரம்பத்தைப் பின்னால் இழுத்து மறுபடி பார்த்தால் அந்த நொடி இரண்டு முறை எண்ணப்படும், வியூ ஒன்றுதான். அதனால் 100-ஐத் தாண்டும். எஞ்சின் மாற்றும் இடத்தின் ஏற்றமும் அதேதான், திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஏற்றத்துக்கு முன் இருந்த அளவுக்கே கோடு திரும்பி வந்தால் அங்கே யாரும் போகவில்லை. அதைவிடக் கீழே போனால் மட்டும் கவலைப்படுங்கள்.

எடிட்டர் ஜோ
இது பூண்டு இழை. ரயிலுக்குத் தனி இழை போடவும்.
செல்வா, துல்லியமான நொடி என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். யூடியூபின் ஏபிஐ வழியாக எடுத்தால் கோட்டுக்கு 100 புள்ளிகள்தான் கிடைக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளி 9 நொடி. எந்த வார்த்தையில் போனார்கள் என்று அதற்குள் பிரித்துப் பார்க்க முடியாது. இது அடிப்படை.

கோடை ஷீலா
ஜோ சொல்வது உண்மை. அந்த ஏபிஐயிலேயே stoppedWatching என்று ஓர் அளவும் இருக்கிறது. ஒரு துண்டு எத்தனை முறை பார்வையின் கடைசித் துண்டாக இருந்தது என்பதை அது தனியாகச் சொல்லும். தாண்டலையும் போவதையும் குழப்பாமல் பார்க்க அதுவே நேர்வழி. செல்வாவுக்கு இப்போது அது தேவைப்படாது, கோடே தெளிவாக இருக்கிறது.

பூம்பாறை செல்வா
பார்த்தேன். முதல் 25 நொடி பூம்பாறை படிக்கட்டு வயல்கள், ட்ரோன் ஷாட், இசை மட்டும். 4:10-லிருந்து 5:20 வரை 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிப் பேசுகிறேன். 9:50-லிருந்து இரண்டு பூண்டையும் உரித்துக் காட்டுகிறேன். 11:35-ல் "அவ்வளவுதாங்க வித்தியாசம்" என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு பரணில் புகை போட்டுப் பூண்டைப் பதப்படுத்தும் இடம். நான் மிகவும் கஷ்டப்பட்டு எடுத்தது அதுதான்.

கோடை ஷீலா
"அவ்வளவுதாங்க" என்ற சொல்லே விடைகொடுத்துவிட்டது. தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது, போய்விட்டார்கள். அடுத்த முறை பரணை முன்னால் கொண்டுவாருங்கள். புகையில் காய்ந்த பூண்டின் தோலைக் காட்டிவிட்டு உரிக்கப் போனால், பரண் பதிலின் ஒரு பகுதியாகிவிடும்.

முதல் 30 நொடிக்கு இன்னொன்று பாருங்கள். பழைய பார்வையாளர், புதிய பார்வையாளர் என்று கோட்டைப் பிரித்துப் பார்க்கலாம். புதியவர்கள் மட்டும் அதிகம் போயிருந்தால், தலைப்பில் பூண்டைக் கேட்டு வந்தவர் 25 நொடி பூண்டையே பார்க்கவில்லை என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது தம்ப்நெயிலை இல்லை, தொடக்கத்தை. இரண்டு பூண்டையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உங்கள் முந்தைய வீடியோக்களில் 0:30-ல் எவ்வளவு இருந்தது என்பதோடும் ஒப்பிடுங்கள். வேறு சேனல்காரர் சொல்லும் எண் உங்களுக்குப் பொருந்தாது.

எடிட்டர் ஜோ
எப்படிப் பார்த்தாலும் புவிசார் குறியீட்டுப் பேச்சு வெட்டப்பட வேண்டியதுதான். மூன்றில் ஒருவர் தாண்டுகிறார்.

மன்னவனூர் ராணி
ஏன் வெட்ட வேண்டும்? மூன்றில் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்களே. எங்கள் ஊர்ப் பூண்டு என்று வெளியூர்ச் சரக்கைச் சந்தையில் விற்கிறார்கள். அந்தக் குறியீடு எதற்கு என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். தாண்டுபவருக்காகக் கேட்பவரை விட்டுவிடுவதா?

எடிட்டர் ஜோ
அம்மா, தெரிய வேண்டும் என்பது வேறு, பார்ப்பார்கள் என்பது வேறு. 70 நொடியை 20 நொடியாக்கலாம்.

மன்னவனூர் ராணி
20 நொடியில் எங்கள் ஊர்ப் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல முடியாது தம்பி.

தாண்டிக்குடி காப்பி
அந்தப் பகுதியில் சாப்டர் பெயர் போட்டிருக்கிறாரா? சாப்டர் இருந்தால் தாண்டுவது இன்னும் சுலபம். 5:20-ல் அடுத்த சாப்டர் தொடங்குகிறது என்றால் கோடு அங்கேயே சட்டென்று ஏறியிருக்கும்.

பூம்பாறை செல்வா
ஆமாம் அண்ணே, 5:20-ல் 'விதைப் பூண்டு' என்று சாப்டர் போட்டிருக்கிறேன்.
ஷீலா அக்கா, பிரித்துப் பார்த்தேன். 0:30-ல் பழையவர்கள் 71, புதியவர்கள் 49. முந்தைய வீடியோக்களில் மொத்தமாக 66 பக்கம் இருந்தது. எதையும் வெட்டவில்லை. நாளைக் காலையில் பரணில் வேலை, அப்புறம் வருகிறேன்.

குன்னூர் ரயில் ரசிகர்
என் கோடு ஏற்றத்துக்குப் பிறகு 44-க்கு வருகிறது, முன்னால் 47. இந்த 3 சதவீதம் சாதாரணச் சரிவா, கவலைப்பட வேண்டுமா? யாராவது சொல்லுங்கள். வியூஸ் 240.