ஒரே கிணறு, நாலு பெயர்: பெரிய அறிக்கை எழுதியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாப்பாரப்பட்டிக்காரன்

பென்னாகரம் பக்கத்து ஊர்களில் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்த்த கணக்கு, 180 பக்க அறிக்கை. ஆறு பேர் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதினார்கள், நான் ஒன்றாகச் சேர்த்தேன். படித்துக் காட்டிய அன்று நிதி கொடுத்த தரப்பிலிருந்து வந்த அம்மா ஒருவர் 34-ஆம் பக்கத்தில் ஒரு விரலும் 112-ஆம் பக்கத்தில் இன்னொரு விரலும் வைத்துக்கொண்டு கேட்டார். "இங்கே ஆழ்துளைக் கிணறு 41. அங்கே போர் 58. ரெண்டும் ஒண்ணுதானே?" ஒண்ணுதாங்க என்றேன். "அப்போ இந்த 17 எங்கேயிருந்து வந்துச்சு?" பதில் வரும்வரை விரலை எடுக்கவே இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவு களக் குறிப்பேடுகளைப் புரட்டினோம். அந்த 17-ம் கைப்பம்பு. ஒரு குழு, துளை போட்டு எடுத்த தண்ணீர் எல்லாவற்றையும் 'போர்' என்று எழுதியிருந்தது. இன்னொரு குழுவுக்கு மோட்டார் இறக்கினால்தான் ஆழ்துளைக் கிணறு, கைப்பம்பு தனிக் கணக்கு. முந்தின வாரம்தான் 'போர்' எல்லாவற்றையும் 'ஆழ்துளைக் கிணறு' என்று மாற்றிவிடலாமா என்று யோசித்திருந்தேன். மாற்றியிருந்தால் 41-ம் 58-ம் ஒரே பெயரில் நின்றிருக்கும், கைப்பம்பு என்ற காரணமே கண்ணில் பட்டிருக்காது. இப்போதும் அந்த விரல் ஞாபகம் வருகிறது.

ஓசூர் பைபாஸ்

அண்ணா, இதுக்கு ஏன் இவ்வளவு வருத்தம்? எந்தச் சொல் வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டு `Replace All` கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. எங்கள் கம்பெனி ஆய்வறிக்கைகளில் அப்படித்தான் செய்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு தடவை கூடப் பிரச்சினை வந்ததில்லை.

அரூர் டி.டி.பி.

தம்பி, ஆங்கிலத்தில் சரி. தமிழில் அதைச் செய்து நான் பட்டது போதும். இதே மாதிரி ஒரு தண்ணீர் அறிக்கைதான். 'போர்' என்று தேடி 'ஆழ்துளைக் கிணறு' என்று மாற்றச் சொன்னேன். அச்சுக்குப் போகும் முன் ஒரு பக்கத்தைப் பார்த்தால், "இந்தத் தண்ணீரைக் குடிப்போர்" என்று இருந்த இடத்தில் "குடிப்ஆழ்துளைக் கிணறு" என்று நிற்கிறது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. இன்னும் மோசம், மாற வேண்டியது மாறவில்லை. 'போரில்', 'போருக்கு' இரண்டிலும் 'ர்' கிடையாது, 'ரி', 'ரு' என்று ஆகிவிடுகிறது, அதனால் தேடலில் சிக்கவே இல்லை. மாறின இடமும் உருப்படியில்லை. 'போர் தண்ணீர்' என்பது 'ஆழ்துளைக் கிணறு தண்ணீர்' என்று நின்றது, 'கிணற்றுத் தண்ணீர்' என்றல்லவா வர வேண்டும்?

இப்போது நான் முழுச் சொல்லைத் தேடுவதில்லை. அறிக்கையை வெறும் உரையாகச் சேமித்து, வேர்ப்பகுதியை மட்டும் எண்ணுவேன்:

```
grep -o 'கிணற' report.txt | wc -l
```

கிணறு, கிணற்றில், கிணறுகள் எல்லாம் இதில் விழும். 'போர' என்றும் இதே போலத் தேடுவேன். எண்ணிக்கை தெரிந்ததும் ஒவ்வொரு இடமாகப் போய்க் கையால் மாற்றுவேன். 180 பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும், ஆகட்டும். ஒன்று மட்டும், யாராவது பின்னிணைப்பைப் பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருந்தால் இது எதுவும் பிடிக்காது. அதை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

பாலக்கோடு வாசி

எனக்கும் இதே பிரச்சினைதான். பட்டாவில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுக்க எட்டு மாதம் அலைந்தேன். இதற்கு யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டை அக்கா

நான் எதிர்ப்பக்கத்துக் கதை சொல்கிறேன். பயிர்க் கணக்கு அறிக்கை. ஒருவர் ராகி, ஒருவர் கேழ்வரகு, தருமபுரிப் பக்கத்துப் பையன் ஆரியம். அட்டவணையில் மூன்று பயிராக மூன்று வரி விழுந்திருந்தது. எல்லாவற்றையும் கேழ்வரகு ஆக்கினேன், பரப்பைக் கூட்டினேன், சரியாகிவிட்டது என்று நிம்மதி. அப்புறம் ஊரில் படித்துக் காட்டினோம். "எங்க வீட்ல ரெண்டு வேளையும் கேழ்வரகுக் களிதான்" என்று ஒரு பெரியவர் சொன்னதாக வந்ததும் அவர் எழுந்துவிட்டார். "நான் ஆரியம்னுதான்மா சொன்னேன். இது யாரோ பேசின மாதிரி இருக்கு." அவர் வாய்ச்சொல்லையும் சேர்த்து மாற்றியிருக்கிறேன். மேற்கோளுக்குள் கை வைக்கக் கூடாது, அட்டவணையிலும் நம் வாசகத்திலும்தான் ஒரே பெயர். அரூர் அக்கா, உங்கள் கட்டளை மேற்கோளையும் சேர்த்துத்தானே எண்ணும்?

அரூர் டி.டி.பி.

ஆமாம்மா, எண்ணும். அதனால்தான் கையால் மாற்றுகிறேன்.

தமிழாசிரியர், ஊத்தங்கரை

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் படிக்கச் சலிப்பாக இருக்கும். கிணறு, நீராதாரம், துளைக்கிணறு என்று மாற்றி எழுதுவதுதான் நல்ல நடை. மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

ஓய்வு, கிருஷ்ணகிரி

ஐயா, கட்டுரைக்கு நீங்கள் சொல்வது சரி. அறிக்கையில் 'நீராதாரம்' என்று எழுதினால் படிப்பவர் ஏரியையும் சேர்த்துக்கொள்வார்.

தண்ணீர்ப் பரிசோதனையில் இருந்தவன் என்பதால் என் கதை ஒரே வரி. ஒரு கிணற்றில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். அதே அறிக்கையில் மூன்றாம் அத்தியாயம் அதைப் 'பாதுகாப்பான அளவைத் தாண்டியது' என்றது, ஐந்தாம் அத்தியாயம் 'பாதுகாப்பான அளவுக்குள்' என்றது. இரண்டு பேரும் தப்பு எழுதவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் IS 10500-இல் இரண்டு வரம்பு உண்டு. 1.0 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம். இருவரும் ஆளுக்கொரு வரம்பை எடுத்துக்கொண்டு ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். பாப்பாரப்பட்டித் தம்பிக்கு ஒரு பொருளுக்குப் பல பெயர் என்று தோன்றியது, எங்களுக்குப் பல பொருளுக்கு ஒரு பெயர். இரண்டாவதைத் தேடிப் பிடிக்கவே முடியாது, சொல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது.

'பாதிப்பு' இன்னொரு சொல். 'ஃபுளோரைடு பாதித்த ஊர்' என்றால் தண்ணீரில் அளவு கூடிய ஊரா, பிள்ளைகள் பல்லில் கறை கண்ட ஊரா? முன்னது தண்ணீர்ச் செய்தி, பின்னது ஃபுளோரோசிஸ். குழாய் வழியாக ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும் பல்லில் விழுந்த கறை போகாது. அதனால் இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டும் என்று திருத்தவும் கூடாது.

நான் செய்யச் சொல்வது இதுதான். களத்துக்குப் போகும் முன்பே ஒரு பக்கத் தாள் போடுங்கள். எழுதப் போகும் பெயர் ஒன்று, அதில் எதெல்லாம் சேரும், எது சேராது, களத்தில் காதில் விழும் மற்ற பெயர்கள், அளவாக இருந்தால் வரம்பும் அலகும். 'சேராது' என்ற கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "ஆழ்துளைக் கிணறு: கைப்பம்பு சேராது" என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த 17 முதல் நாளே பேச்சில் வந்திருக்கும். எழுதி முடித்த பிறகு இந்தத் தாளைப் போட்டால் பாதிதான் பலன். அப்போதும் அட்டவணைகளை முதலில் ஒப்பிடுங்கள், வாசகத்தை அப்புறம் பார்க்கலாம். எண் இடிக்கும் இடத்தில்தான் சொல் பிளந்திருக்கும்.

பாப்பாரப்பட்டிக்காரன்

சார், அந்தத் தாளை இந்த வருஷ வேலைக்குப் போட்டுவிட்டேன். ஒரு வரியில் மட்டும் நிற்கிறேன். கைப்பம்பைக் கழற்றாமலே அதே துளையில் சின்ன மோட்டார் இறக்கித் தொட்டிக்கு ஏற்றுகிற இடம் நாலைந்து இருக்கிறது. எங்கள் ஆட்களில் மூன்று பேர் கைப்பம்பு என்கிறார்கள், மூன்று பேர் போர் என்கிறார்கள்.

ஓய்வு, கிருஷ்ணகிரி

துளை ஒன்றா இரண்டா? தண்ணீர் மாதிரியைத் துளைக்கு ஒன்று எடுத்தீர்களா, குழாய்க்கு ஒன்று எடுத்தீர்களா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பெயர் வைக்கலாம்.

பாப்பாரப்பட்டிக்காரன்

குழாய்க்கு ஒன்று. அப்படியானால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணியிருக்கிறோம் போலிருக்கிறது. குறிப்பேடு ஆபீசில் இருக்கிறது, திங்கட்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.