ஜப்பானியத் தோழி வீட்டில் 5 இரவுகள்: நான் திறந்துவிட்ட குளியல் தண்ணீர்

நொய்யல்கரை

போன ஜூன் மாதம் ஜப்பானில், டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில், ஒரு தோழி வீட்டில் 5 இரவு தங்கினேன். திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு ஜப்பான் பையர் சார்பில் தரம் பார்க்க வந்து, இரண்டு வருடம் எங்களோடு இருந்தவள். எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறாள், தங்கியும் இருக்கிறாள். "ஓட்டல் எதற்கு, எங்கள் வீட்டுக்கு வா" என்றாள். அப்பா, அம்மா, அவள், மூன்று பேர். மாடி வைத்த சின்ன வீடு. கீழே பாய்த்தரை போட்ட அறையை எனக்காக ஒழித்துக் கொடுத்தார்கள்.

முதல் நாள் ராத்திரி 8 மணிக்கு எங்கோ ஒரு மெல்லிய இசை கேட்டது. குளியல் தொட்டி நிரம்பிவிட்டது என்று சுவரில் இருக்கிற கருவி அப்படித்தான் சொல்லும். அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ முதலில் போ" என்று சைகை காட்டினார். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்பு போட்டு முழுக்கக் கழுவிய பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். அப்படியே செய்தேன். எழுந்து வரும்போது, நான் இறங்கிய தண்ணீரை அடுத்தவருக்கு வைப்பதா என்று தோன்றியது. அடைப்பானைத் தூக்கித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டேன். தொட்டியைத் தேய்த்தும் கழுவி வைத்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குளித்துவிட்டு அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, அதே இசை மறுபடி கேட்டது. முந்தைய இரண்டு நாளும் கேட்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. வெளியே வந்தால், தோழியின் அப்பா தோளில் துண்டோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். காலை 5 மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர். அந்த ஒரு தொட்டித் தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். நான் தினமும் அதைத் திறந்துவிட, அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடி நிரப்பியிருக்கிறார். அப்பா அதுவரை காத்திருந்திருக்கிறார்.

தோழியிடம் கேட்டேன். "நீ சுத்தமாக வைக்க நினைத்தாய் என்று அம்மாவுக்குப் புரிந்தது, அதனால்தான் சொல்லவில்லை" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெளிநாட்டில் நண்பர் வீட்டில் தங்கியவர்கள் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். வரும் நவம்பரில் மறுபடி போகிறேன், இந்த முறை என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

சிவா_ஓசூர்

அக்கா, நீங்கள் செய்தது தப்பே இல்லை. நான் ஃபுகுவோகாவில் ஒரு நண்பன் வீட்டில் 4 நாள் இருந்தேன். தினமும் குளித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துதான் விட்டேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே முக்கியமான விஷயம் வேறு. வீட்டு வேலையில் கை வைக்கவே கூடாது. நான் ஒரு தட்டை எடுக்கப் போனேன், பதறிவிட்டான். விருந்தாளி வேலை செய்தால் அவர்களுக்கு அவமானம். பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை. அப்புறம் பரிசு கொடுத்தால் 4 என்ற எண்ணிக்கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் மொழியில் அந்த எண்ணும் சாவும் ஒரே ஒலி.

ஒசாகா_16ஆண்டு

சிவா, எண் விஷயம் சரி. 9-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் ஒலி வேதனை என்ற சொல்லோடு சேரும். ஆனால் உங்கள் நண்பர் தனியாக இருந்தவர்தானே? கடைசியாகக் குளித்தது நீங்களாகத்தான் இருக்கும். குடும்பம் இருக்கிற வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது.

ஒரு தொட்டி என்பது ஏறக்குறைய 200 லிட்டர், அதுவும் 40 டிகிரிக்கு மேல் சுடவைத்த தண்ணீர். மறுபடி நிரப்பினால் தண்ணீர்ச் செலவு, எரிவாயுச் செலவு, நேரம் மூன்றும் போகும். கடைசி ஆள் குளித்த பிறகும் பல வீடுகளில் அதைக் கொட்டுவதில்லை. காலையில் ஒரு சின்ன பம்ப் வைத்துத் துணி துவைக்கும் மெஷினுக்கு இழுப்பார்கள், அலசுவதற்கு மட்டும் குழாய்த் தண்ணீர். அதனால் விருந்தாளி செய்ய வேண்டியது குறைவுதான். மிதக்கிற முடியை எடுத்துவிட்டு, சூடு போகாமல் தொட்டி மூடியைப் போட்டு, வெளித்தரையில் சோப்பு நுரை இல்லாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டும். வடிகால் சல்லடையில் சேர்ந்த உங்கள் முடியை எடுத்துப் போடுங்கள். நம் பெண்களின் நீளமான முடி அதில் உடனே தெரியும்.

அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். அங்கே இருக்கும் நாட்களில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். என் அம்மா 2014-ல் வந்தபோது, ஒரு முறை ஷாம்பு போட்டுக் கழுவியும் தொட்டித் தண்ணீரில் கண் கண்ணாக எண்ணெய் மிதந்தது. அது என் வீடு, சரி. என் மாமனார் வீட்டில் நடந்திருந்தால் அடுத்து மூன்று பேர் அதில் இறங்கியிருப்பார்கள். தலையணை உறையிலும் மஞ்சளாகக் கறை இறங்கும். எண்ணெய் இல்லாமல் முடியாது என்றால், தலையை உயரக் கட்டிக்கொண்டு இறங்கட்டும், தலையணைமேல் சொந்தத் துண்டு விரித்துக்கொள்ளட்டும். தொட்டியே வேண்டாம், வெளியே குளித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாலும் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள்.

வேலை செய்யவே கூடாது என்பது பாதி உண்மை. "உதவட்டுமா" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாம், உட்காருங்கள்" என்றுதான் பதில் வரும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்ட கிண்ணங்களைப் பாத்திரம் கழுவும் தொட்டி வரை கொண்டுபோய் வையுங்கள். கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பல வீடுகளில் சோற்றுக் கிண்ணமும் குச்சிகளும் ஆளுக்கு ஒன்று, அப்பாவுடையதை மகள் எடுக்க மாட்டாள். நமக்கு அது தெரியாது. அரக்குப் பூச்சுக் கிண்ணத்தைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறிவிடும்.

முழுக்க உங்கள் பொறுப்பு உங்கள் படுக்கைதான். பாய்த்தரைமேல் விரிக்கிற அந்த மெத்தையைக் காலையில் எழுந்ததும் மூன்றாக மடியுங்கள், ஆனால் உடனே அலமாரிக்குள் தள்ளாதீர்கள். உடல் வேர்வை மெத்தையின் அடிப்பக்கத்தில் நிற்கும். ஜூன் அங்கே மழைக்காலம், இரண்டு நாள் எடுக்காமல் விட்டாலே பாயில் பூஞ்சை பிடிக்கும். கையை அடியில் வைத்துப் பாருங்கள், சில்லென்று ஈரமாக இருந்தால் ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டு அப்புறம் வையுங்கள்.

நொய்யல்கரை

மெத்தையை மடித்தேன் அண்ணா, ஆனால் எழுந்த சூட்டோடு அலமாரிக்குள் வைத்துவிட்டேன். நான் போன பிறகு அம்மா அதை வெயிலில் போட்டிருப்பார். நவம்பரில் சரியாகச் செய்கிறேன்.

பரிசு பற்றி ஒன்று கேட்க வேண்டும். தோழியின் அம்மாவுக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொண்டுபோனேன். வாசலிலேயே, பையோடு நீட்டிவிட்டேன். வாங்கிக்கொண்டார், மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். ஆனால் கிளம்புகிற அன்று எனக்கு ஒரு பெரிய பை நிறையத் திருப்பிக் கொடுத்தார்கள். தேநீர், பலகாரம், கைத்துண்டு, ஒரு பீங்கான் கோப்பை. பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

ஸ்காபரோ_தம்பி

நான் டொரோண்டோவில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிற ஆட்களைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைத்துத்தான் வாசித்தேன், ஆனாலும் எழுதுகிறேன். போன கோடையில் ஒரு சிநேகிதர் குடும்பத்தோடு வந்து 9 நாள் நின்றார். நல்ல மனுசர், மரக்கறி எல்லாம் வாங்கி வந்து போட்டார். ஒரு பின்னேரம் நான் மேலே படுத்திருக்க, அறைக்கதவு திறந்தது. அவர் வீட்டுக்காரி தன் அம்மாவோடு வீடியோவில் கதைத்தபடி, "இது அவர்களின் அறை, இது குளியலறை" என்று காட்டிக்கொண்டு வருகிறா. அலுமாரியில் இருந்த என் மருந்துப் போத்தலும் தெரிந்திருக்கும். எனக்கு என்ன வருத்தம் என்று என் சொந்த அண்ணாவுக்கே நான் சொல்லவில்லை. நான் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது. அவர்கள் மீண்டும் வரக் கேட்டால் என்ன சொல்வது என்று விளங்கவில்லை.

ஒசாகா_16ஆண்டு

தம்பி, நீங்கள் எழுதியது இங்கேயும் பொருந்துகிறது. ஜப்பான் வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே பல இடங்களில் தாள் ஒட்டிய இழுகதவுதான். இந்தியாவில் இரவு 8 மணி என்றால் அங்கே 11.30. வீட்டுக்குப் போன் பேச அது நமக்கு வசதியான நேரம், அவர்கள் படுத்துவிட்ட நேரம். தெருமுனைக்குப் போய்ப் பேசலாம், அல்லது காலையில் பேசலாம். கூப்பிடாமல் மாடி ஏற வேண்டாம்.

பரிசுக்கு வருகிறேன். வாங்கியதற்குத் திருப்பிக் கொடுப்பது அங்கே வழக்கம், பெரும்பாலும் பாதி மதிப்புக்கு. நீங்கள் வெள்ளி கொடுத்தால் அவர்கள் அதற்கு ஈடு தேட வேண்டும். தின்று தீர்கிற பொருளாக இருந்தால் அந்தப் பாரம் இல்லை. நான் ஊரிலிருந்து வரும்போது கோவில்பட்டி கடலைமிட்டாய் கொண்டு வருவேன், தனித்தனிச் சின்னப் பொட்டலமாக. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கேட்டுவிடுவேன். உள்ளே போய் உட்கார்ந்து, பையை விட்டு எடுத்து, அவர்கள் பக்கம் திருப்பி இரண்டு கையாலும் கொடுங்கள். உங்கள் எதிரில் பிரிக்கவில்லை என்றால் அது பிடிக்காததால் இல்லை. கறிவேப்பிலை, பழம் எல்லாம் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையம் தாண்டாது.

சிவா_ஓசூர்

சரி அண்ணா, தண்ணீர் விஷயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளம்பும் நாளில் விரிப்பையும் உறையையும் கழற்றி மடித்து வைப்பதா, அப்படியே விட்டுவிடுவதா? கழற்றினால் நண்பன் வீட்டில் "விடு விடு" என்றார்கள்.

ஒசாகா_16ஆண்டு

அதற்கு ஒரே பதில் இல்லை. என் மனைவி கழற்றி மடித்து வைத்தால்தான் சந்தோஷப்படுவாள், அவள் அம்மாவுக்கு அது பிடிக்காது. முந்தைய இரவே தோழியிடம் கேட்டுவிடுங்கள்.

நொய்யல்கரை

சிமிழுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று இன்று தோழியிடம் கேட்டேன். அம்மா அதில் தையல் ஊசிகளைப் போட்டு வைத்திருக்கிறாராம், தினமும் கையில் எடுக்கிறாராம். படம் அனுப்பினாள். கடலைமிட்டாய்க்குச் சொல்லி வைத்துவிட்டேன், 6 பொட்டலம். என் அம்மாவிடம் எண்ணெய் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. ஐம்பது வருடமாகத் தினமும் வைக்கிற தலை, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.